கம்பத்து வீட்டை இணையத்தில் வாடகைக்கு விடுகிறீர்களா? குளியலறையை மறைக்காமல் எழுதுங்கள்

கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், பந்திங் போன்ற வட்டாரங்களில் பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போன பிறகு காலியாகக் கிடக்கும் அறைகளை வார இறுதிக்கு வாடகைக்கு விடுவது இப்போது புதிதல்ல. கைப்பேசியில் நாலு படம் எடுத்து, ஏதாவது ஒரு தளத்தில் பதிவேற்றி, "அமைதியான கம்பத்து வீடு" என்று இரண்டு வரி எழுதினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் மாதம் விருந்தினர் வருவார்கள். வந்தவர்கள் மூன்று நட்சத்திரம் கொடுத்து, "படத்தில் பார்த்தது வேறு, நேரில் பார்த்தது வேறு" என்று எழுதிவிட்டுப் போன பிறகுதான் தலைவலி தொடங்கும்.

இத்தகைய வீடுகளைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை மூன்று விஷயங்களுக்குள் அடங்கிவிடும்: குளியலறை, சத்தம், பட்டணத்திலிருந்து ஆகும் பயண நேரம். இவை கம்பத்து வீட்டின் குறைகள் என்று சொல்ல முடியாது. கம்பத்து வீடு அப்படித்தான் இருக்கும். முன்கூட்டியே சொல்லாமல் விடுவதுதான் குறையாகிறது. இந்த மூன்றையும் மறைக்காமல், அதே சமயம் படிப்பவருக்கு வர வேண்டும் என்ற ஆசையும் எழும்படி எப்படி எழுதுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டு வீட்டை வைத்துப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டு வீடு

கோலசிலாங்கூர் பட்டணத்திலிருந்து 11 கிலோமீட்டர் உள்ளே ஒரு கம்பம். பாதி பலகை, பாதி கல் வீடு, துத்தநாகக் கூரை. பின்புறம் சொந்தச் செம்பனை நிலம். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் அங்கேயே குடியிருக்கிறார்கள். விருந்தினருக்கு இரண்டு அறைகள்: குளிரூட்டி உள்ள முன் அறையில் இருவர், காற்றாடி மட்டும் உள்ள பின் அறையில் மூவர் படுக்கலாம். அவர்கள் முதலில் எழுதிய விளம்பரம் இது:

"அமைதியான கிராமச் சூழலில் எல்லா வசதிகளும் கொண்ட அழகிய ஹோம்ஸ்தே. கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரம்தான். மின்மினிப் பூச்சி பார்க்கும் இடம் மிக அருகில். குடும்பத்துடன் தங்கி மகிழ ஏற்ற இடம்."

இதில் பொய் என்று அடித்துச் சொல்லக்கூடியது எதுவும் இல்லை. ஆனால் உருப்படியான தகவலும் ஒன்றுகூட இல்லை. "அமைதி", "எல்லா வசதிகளும்", "அருகில்" ஆகிய சொற்களை ஒவ்வொருவரும் தத்தம் அனுபவத்தை வைத்துத்தான் புரிந்துகொள்வார்கள். பெட்டாலிங் ஜெயாவில் அடுக்குமாடியில் இருப்பவர் "எல்லா வசதிகளும்" என்றால் அறைக்குள்ளேயே குளியலறை என்று நினைப்பார். வீட்டுக்காரரோ தண்ணீர், மின்சாரம், வைஃபை, அடுப்பு ஆகியவற்றை மனத்தில் வைத்து அதை எழுதியிருப்பார்.

"ஹோம்ஸ்தே" என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் உண்டு. மலேசியாவில் சுற்றுலா அமைச்சு 1995-இல் தொடங்கிய ஹோம்ஸ்தே திட்டத்தில் விருந்தினர் வீட்டுக்காரர் குடும்பத்தோடு தங்குவார். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். பேச்சு வழக்கிலோ முழு வீட்டையும் சாவியோடு கொடுத்துவிடுவதையும் ஹோம்ஸ்தே என்றே சொல்கிறோம். அதனால் வீட்டுக்காரர்கள் உடன் இருப்பார்களா, சமையலறையைப் பகிர வேண்டுமா என்பதை விளம்பரத்தின் முதல் சில வரிகளிலேயே சொல்லிவிட வேண்டும். முழு வீடும் தங்களுக்கே என்று நம்பி வந்த குடும்பம், கூடத்தில் வீட்டுக்காரர் உட்கார்ந்து செய்தி பார்ப்பதைக் கண்டால் அங்கேயே மனம் சுருங்கிவிடும். பதிவு, உரிமம் தொடர்பாக அமைச்சையும் உள்ளூர் மன்றத்தையும் விளம்பரம் போடும் முன்னரே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

குளியலறை: எங்கே, யாருடன், எப்படி

இந்த வீட்டில் இரண்டு குளியலறைகள் உண்டு. ஒன்று சமையலறைக்குப் பின்னால், வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. உட்காரும் கழிவறையும் மின்சார வெந்நீர்க் கருவியும் அதில் உண்டு. அங்கே போக முன் அறையிலிருந்து கூடத்தையும் சமையலறையையும் கடந்து, இரண்டு படி கீழே இறங்க வேண்டும். மற்றொன்று வீட்டுக்கு வெளியே, பின்வாசலிலிருந்து 14 எட்டு தூரத்தில் இருக்கிறது. அதில் குந்தி உட்காரும் கழிவறை; குளிக்கச் சிமெண்டுத் தொட்டியும் கைவாளியும்; வெந்நீர் கிடையாது. வீட்டுக்காரர்கள் வெளியே உள்ளதைப் பயன்படுத்திக்கொண்டு, உள்ளே உள்ளதை விருந்தினருக்கு விட்டுவிடுகிறார்கள்.

இதை விளம்பரத்தில் "2 குளியலறை" என்று போட்டால் கணக்கு சரி, ஆனால் தகவல் தவறாகப் போய்ச் சேரும். படிப்பவர் அறைக்கு ஒன்று என்றே எடுத்துக்கொள்வார். விருந்தினர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது நான்கு விஷயங்கள்: அறையிலிருந்து எவ்வளவு தூரம், யார் யாருடன் பகிர வேண்டும், கழிவறை எந்த வகை, வெந்நீர் உண்டா. இந்த நான்குக்கும் பதில் இருந்தால் எண்ணிக்கையைப் பற்றி யாரும் சண்டை போட மாட்டார்கள்.

ஏர்பிஎன்பி தளத்தில் பதிவு செய்யும்போது குளியலறையை மூன்று வகையாகப் பிரித்துக் கேட்பார்கள். "Private and attached" என்றால் அறையோடு ஒட்டியது, அந்த அறையில் இருப்பவருக்கு மட்டும். "Dedicated" என்றால் அந்த விருந்தினருக்கு மட்டுமே உரியது, ஆனால் அறைக்கு வெளியே இருக்கிறது. "Shared" என்றால் மற்றவர்களோடு பகிர்வது. இந்த வீட்டில் இரண்டு அறைகளையும் தனித்தனிக் குடும்பங்களுக்கு விட்டால் உள்ளே உள்ள குளியலறை "Shared" ஆகிவிடும். இரண்டையும் ஒரே குடும்பத்துக்கு மட்டும் விட்டால் அதுவே "Dedicated". ஐந்து பேர், அதிலும் முன்பின் அறியாத இரு குடும்பங்கள், காலை ஏழு மணிக்கு ஒரே குளியலறைக்காகக் காத்திருப்பது யாருக்கும் நல்ல நினைவாக இருக்காது. எனவே இத்தகைய வீட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரே குடும்பம் என்பதே நல்ல முடிவு. அந்த முடிவை விளம்பரத்திலும் சொல்லலாம். அது விருந்தினரை ஈர்க்கக்கூடிய செய்திதான்.

குந்தி உட்காரும் கழிவறையை மறைப்பதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. இளையவர்கள் முகம் சுளித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் முழங்கால் வலி உள்ள ஒரு பாட்டிக்கு அது அப்படி முடிகிற காரியமில்லை. இரவு மூன்று மணிக்கு, தெரியாத வீட்டில், ஈரத் தரையில், இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். உள்ளே உள்ளதில் வேறு யாராவது இருந்தால், வெளியே இருட்டில் 14 எட்டு நடந்து குந்த வேண்டும். விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். படிகளின் எண்ணிக்கையையும் கழிவறையின் வகையையும் எழுதியிருந்தால், அந்தக் குடும்பம் வேறு வீடு தேடியிருக்கும். அல்லது முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்திருக்கும்.

அந்த உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். "வணக்கம் ஆண்ட்டி, எங்க அம்மாவுக்கு 72 வயசு, முழங்கால் முடியாது. உட்கார்ற டாய்லெட் இருக்குங்களா?" என்று ஒரு பெண் செய்தி அனுப்புகிறார். "இருக்கும்மா. வீட்டுக்குள்ளயே இருக்கு. ஆனா சமையலறைல ரெண்டு படி இறங்கணும், பிடிச்சுக்க சுவர்தான், கம்பி இல்ல. அம்மா பின் அறைல படுத்தா பத்து எட்டுல போயிடலாம். ராத்திரி முழுக்க லைட் போட்டு வைக்கிறேன்" என்று பதில் போகிறது. முடிவெடுக்கத் தேவையான அனைத்தும் அந்தப் பதிலில் உண்டு. இப்படி ஒருவர் கேட்ட பிறகு வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை இரண்டு. அந்தப் படியில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்துவது ஒன்று. அந்தப் பதிலை அப்படியே விளம்பரத்தில் சேர்ப்பது மற்றொன்று.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். சிலாங்கூரில் அட்டவணைப்படியோ அவசரமாகவோ நீர் விநியோகம் தடைபடுவது உண்டு. வீட்டில் மேல்தொட்டி இருக்கிறதா, தடைபட்டால் எத்தனை பேருக்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெளியே உள்ள சிமெண்டுத் தொட்டி இங்கே கைகொடுக்கும். குழாய் நின்றாலும் மொண்டு குளிக்க நீர் இருக்கும். தோட்டத்து லயத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு அந்தத் தொட்டியே பழைய நாள்களை நினைவுபடுத்தும். "விரும்பினால் தொட்டித் தண்ணீரில் மொண்டு குளிக்கலாம்" என்று எழுதினால் அது குறையாகத் தெரியாது.

படம் எடுக்கும்போது கதவருகே நின்று குளியலறை முழுவதும் தெரியும்படி எடுக்க வேண்டும். புதுக் குழாயை மட்டும் நெருக்கமாக எடுத்தால் மற்றதை மறைக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும். கழிவறை, தரை, இறங்கும் படிகள், வெளியே போகும் வழி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் படம் இருக்கட்டும்.

சத்தம்: இரண்டு இரவு படுத்துப் பார்த்து எழுதுங்கள்

"அமைதியான கம்பம்" என்று எழுதுபவர் பொய் சொல்வதில்லை. முப்பது ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய சத்தம் அவர் காதில் விழுவதே இல்லை. பட்டணத்துக்காரர் வாகன இரைச்சலில் தூங்கிவிடுவார்; ஆனால் விடிகாலைச் சேவல் அவரை எழுப்பிவிடும். எனவே வீட்டுக்காரர் தம் நினைவை நம்பி எழுதக் கூடாது. வெள்ளி இரவும் சனி இரவும் விருந்தினர் அறையிலேயே படுத்து, எந்தச் சத்தம் எந்த நேரத்தில் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, சன்னலை மூடினால் குறைந்ததா என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டு வீட்டில் அப்படிக் குறித்தால் பட்டியல் இப்படி வரும். பக்கத்து வீட்டுச் சேவல் காலை நாலரை மணிக்குத் தொடங்கி ஆறரை வரை விட்டு விட்டுக் கூவுகிறது. ஏறக்குறைய ஆறு மணிக்கு 300 மீட்டர் தள்ளியுள்ள சூராவில் பாங்கு ஒலி, சில நிமிடங்கள். வாரத்தில் இரண்டு நாள் காலை ஏழு மணிக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி வாசல் வழியாகப் போகிறது. வெள்ளிக்கிழமை மாலை கோயில் ஒலிபெருக்கியில் பக்திப் பாடல். சாலையின் மறுபக்கத்தில் பறவைக்கூடு எடுக்கும் கட்டடம். பறவைகளை அழைக்க ஒலிபரப்பும் கீச்சொலி காலையிலிருந்து இருட்டும் வரை கேட்கிறது. மழை பெய்தால் துத்தநாகக் கூரையில் பேச்சே காதில் விழாது. மழை ஓய்ந்ததும் தவளைகள் தொடங்கிவிடும்.

இவ்வளவையும் விளம்பரத்தில் கொட்ட வேண்டியதில்லை. தினமும் கேட்பது, சில நாள் கேட்பது, குறிப்பிட்ட காலத்தில் மட்டும் கேட்பது என்று மூன்றாகப் பிரித்தால் போதும். தினமும் கேட்பவையான சேவல், பாங்கு, பறவைக் கட்டடம் ஆகியவை முதன்மை விளக்கத்திலேயே வர வேண்டும். லாரியையும் மழையையும் கூடுதல் விவரத்தில் சொல்லலாம். தீமிதி, தைப்பூசம், பக்கத்து வீட்டுத் திருமணம் போன்றவற்றை அந்த நாள்களில் முன்பதிவு செய்பவருக்கு மட்டும் தனிச் செய்தியாக அனுப்பலாம். கோயில் திருவிழா நடக்கும் வாரத்தில் அறை கேட்பவருக்கு, "அந்த மூன்று நாளும் இரவு பதினொன்று வரை மேளச் சத்தம் இருக்கும், பார்க்க விரும்பினால் நல்ல சமயம், தூங்க விரும்பினால் அடுத்த வாரம் வாருங்கள்" என்று எழுதினால், வருபவர் தெரிந்தே வருவார்.

எழுதும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பாங்கு, கோயில் மணி, திருவிழா ஆகியவற்றைப் புகார் போல எழுதக் கூடாது. அவை அக்கம்பக்கத்தாரின் வாழ்க்கை. விளம்பரத்தை அவர்களும் படிப்பார்கள். நேரத்தையும் தூரத்தையும் மட்டும் சொன்னால் போதும்.

எந்த அறையில் சத்தம் குறைவு என்பதும் பயனுள்ள தகவல். இந்த வீட்டில் முன் அறைக்குக் குளிரூட்டி இருப்பதால் சன்னலை மூடிக்கொள்ளலாம். சேவல் சத்தம் பாதியாகக் குறையும். பின் அறையில் காற்றாடி மட்டுமே. சன்னலைத் திறந்தாக வேண்டும். "மெல்லிய தூக்கம் உள்ளவர்கள் முன் அறையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரே வரி, ஒரு கெட்ட மதிப்பீட்டைத் தடுத்துவிடும். ஏர்பிஎன்பி படிவத்தில் "Potential for noise" என்று ஒரு கட்டம் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்து இதே விவரத்தை எழுதினால், பணம் கட்டுவதற்கு முன்பே விருந்தினர் அதைப் பார்க்க முடியும்.

பயண நேரம்: எங்கிருந்து, எந்த நாள், எத்தனை மணிக்கு

"கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரம்" என்பதில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இல்லை. கோலாலம்பூரில் எந்த இடத்திலிருந்து? எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? கோலசிலாங்கூர் பட்டணம் வரையா, வீட்டு வாசல் வரையா?

வரைபடச் செயலி நள்ளிரவில் காட்டும் நேரத்தை எழுதிவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. விருந்தினர் நள்ளிரவில் வருவதில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்தோ சனிக்கிழமை காலையிலோ புறப்படுவார்கள். ஞாயிறு பிற்பகலில் திரும்புவார்கள். அந்த மூன்று நேரங்களில்தான் பயணத்தை அளக்க வேண்டும். செயலியில் புறப்படும் நேரத்தை மாற்றிப் பார்த்தால் ஒரு கணிப்பு கிடைக்கும். ஒரு முறையாவது தாமே ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது.

எடுத்துக்காட்டு வீட்டுக்குக் கேஎல் சென்ட்ரலிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலை வழியாகச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் 1 மணி 20 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி மாலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் 2 மணி 10 நிமிடம். ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் திரும்பினால் 1 மணி 45 நிமிடம். எங்கும் நிற்காமல் ஓட்டினால் ஆகும் நேரம் இது. "ஒரு மணி நேரம்" என்ற சொல்லை நம்பி வெள்ளி மாலை ஐந்தரைக்குப் புறப்பட்ட குடும்பம் ஆறரைக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு, எட்டு மணிக்கு மின்மினிப் பூச்சி பார்க்கப் போகத் திட்டமிட்டிருக்கும். உண்மையில் அவர்கள் வாசலை மிதிப்பது ஏழு நாற்பதுக்கு. பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள். கம்போங் குவாந்தான் படகுத்துறை அங்கிருந்து இன்னும் 25 நிமிடம். அன்றைய திட்டமே கெட்டுவிடும். பழி வீட்டின் மேல் விழும்.

இதே கணக்கை வீட்டுக்காரர் முன்பே போட்டு, "வெள்ளி மாலை வேலை முடிந்து வருபவர்கள் மின்மினிப் பூச்சியைச் சனி இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினால் அது நல்ல ஆலோசனை. கூடவே இரண்டு இரவு தங்கவும் ஒரு காரணம். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகளைப் பார்க்க இருட்டு வேண்டும். முழு நிலவு நாளில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. கனமழையில் படகு போகாது. இதையும் சேர்த்துச் சொல்பவரை விருந்தினர் வட்டாரம் தெரிந்தவராக மதிப்பார்.

"அருகில்" என்ற சொல்லை அறவே விட்டுவிடலாம். பட்டணத்துக்கு 20 நிமிடம், மளிகைக் கடைக்கு இவ்வளவு, கிளினிக்குக்கு இவ்வளவு, பெட்ரோல் நிலையத்துக்கு இவ்வளவு என்று எண்ணாகச் சொன்னால் போதும். இருட்டிய பிறகு பயணம் எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த வீட்டுக்குக் கடைசி 3 கிலோமீட்டரில் தெருவிளக்கு இல்லை; கடைசி 400 மீட்டர் செம்மண் பாதை. தாழ்ந்த கார்கள் மெதுவாக வர வேண்டும். பகலில் பட்டணத்திலிருந்து கிராப் கிடைக்கும். இரவு பத்து மணிக்குப் படகுத்துறையிலிருந்து திரும்ப வண்டி கிடைப்பது அரிது. எனவே "சொந்தக் கார் இல்லாதவர்களுக்கு இந்த இடம் சிரமம்" என்று நேராக எழுதிவிடுவதே நியாயம்.

செயலியில் வீட்டின் குறி சரியான இடத்தில் விழுகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். கம்பத்து முகவரிகளில் அது தோட்டத்தின் பூட்டிய பின்வாசலுக்கு ஆளைக் கொண்டுபோய் விடுவது உண்டு. வட்டாரம் தெரியாத உறவினர் ஒருவரை இருட்டிய பிறகு தனியாக வந்து பார்க்கச் சொன்னால், எந்த முனையில் தடுமாறுகிறார் என்பது தெரிந்துவிடும். அந்த முனைக்கு ஓர் அடையாளமும் ஒரு படமும் போதும்.

எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால்

நல்லதைச் சொல்லி, யாருக்கு ஏற்றது என்று சொல்லி, பிறகு மூன்று உண்மைகளையும் சொல்லும் வரிசை படிப்பவருக்கு எளிது. மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதினாலும் இதே வரிசை பொருந்தும். தலைப்பில் "அழகிய", "அமைதியான" போன்ற சொற்களுக்கு இடம் கொடுக்காமல், அந்த வீட்டுக்கே உரிய ஒன்றைச் சொல்லலாம்: "செம்பனை நடுவே திண்ணை வீடு, மின்மினிக்கு 25 நிமிடம்". விளக்கம் இப்படி அமையலாம்:

"பின்வாசலைத் திறந்தால் எங்கள் செம்பனை நிலம். காலையில் திண்ணையில் தேநீரும், முதல் நாள் சொன்னால் தோசையும் கிடைக்கும். நாங்கள் இருவரும் இதே வீட்டில் குடியிருக்கிறோம். கூடமும் சமையலறையும் பொது. ஒரு நேரத்தில் ஒரு குடும்பத்துக்கு மட்டுமே விடுகிறோம், ஐந்து பேர் வரை.

குளியலறை: உங்களுக்கு மட்டும் ஒன்று, வீட்டுக்குள், அறைகளுக்கு வெளியே. உட்காரும் கழிவறை, வெந்நீர் உண்டு. சமையலறையிலிருந்து இரண்டு படி இறங்க வேண்டும், கைப்பிடி உண்டு. வெளியே இன்னொன்று இருக்கிறது: குந்தும் கழிவறை, தொட்டித் தண்ணீர். அதை நாங்கள் பயன்படுத்துகிறோம். விரும்பினால் நீங்களும் பயன்படுத்தலாம்.

சத்தம்: நாலரைக்குச் சேவல், ஆறு மணி வாக்கில் சூராவின் பாங்கு, பகல் முழுவதும் எதிரே பறவைக் கட்டடத்தின் கீச்சொலி. இரவு பத்துக்கு மேல் வாகனம் அரிது. மெல்லிய தூக்கம் உள்ளவர்களுக்கு முன் அறை நல்லது.

பயணம்: கேஎல் சென்ட்ரலிலிருந்து சனி காலை ஏறக்குறைய 1 மணி 20 நிமிடம், வெள்ளி மாலை 2 மணிக்கு மேல். கோலசிலாங்கூர் பட்டணத்துக்கு 20 நிமிடம். கடைசி 3 கிலோமீட்டரில் விளக்கு இல்லை, முடிந்தால் இருட்டும் முன் வாருங்கள். சொந்தக் கார் தேவை."

முதல் விளம்பரத்தைவிட இது நீளம். தளத்தில் முதல் பகுதிக்கு எழுத்து வரம்பு இருந்தால், மூன்று தலைப்பையும் ஒவ்வொரு வரியாகச் சுருக்கி மேலே வைத்துவிட்டு, விவரங்களை அடுத்த பகுதிக்குத் தள்ளலாம். ஆனால் மூன்றையும் வீட்டு விதிமுறைகளின் அடியில் கொண்டுபோய் வைப்பது மறைப்பதற்குச் சமம். அங்கே எழுதியிருந்தோம் என்று பிறகு வாதாடலாம், மதிப்பீடு மாறாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சிலர் நேர்மை என்ற பெயரில் ஒவ்வொரு வரியிலும் மன்னிப்புக் கேட்பார்கள்: "மன்னிக்கவும், எங்கள் வீடு பழையது, வசதி குறைவு, எதிர்பார்த்து வராதீர்கள்". இதிலும் தகவல் இல்லை. படிப்பவர் என்னமோ பெரிய கோளாறு என்று ஓடிவிடுவார். இரண்டு படி என்றால் இரண்டு படி; அதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டியதில்லை.

இப்படி எழுதிய பிறகு விசாரிப்பவர்களின் எண்ணிக்கை குறையக்கூடும். அறைக்குள் குளியலறை வேண்டும் என்பவர்களும் கார் இல்லாதவர்களும் கேட்காமலேயே போய்விடுவார்கள். அவர்கள் வந்திருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்டிருப்பார்கள், அல்லது மதிப்பீட்டில் எழுதியிருப்பார்கள். ஏர்பிஎன்பியில் விளம்பரத்தில் சொன்னதும் நேரில் கண்டதும் பொருந்துகிறதா என்பதற்கே தனி மதிப்பெண் உண்டு. இரண்டே அறை உள்ள வீட்டுக்கு ஆண்டில் வரும் மதிப்பீடுகள் குறைவு என்பதால், ஒரு மோசமான மதிப்பெண் சராசரியை வெகுவாக இழுத்துவிடும். அதை மேலே கொண்டுவரப் பல மாதம் ஆகும்.

விளம்பரம் சரியாக இருக்கிறதா என்பதை விருந்தினரின் செய்திகளே காட்டிவிடும். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால், அந்தத் தகவல் விளம்பரத்தில் இல்லை அல்லது கண்ணில் படும் இடத்தில் இல்லை என்று பொருள். மதிப்பீட்டில் "எதிர்பார்க்கவில்லை" என்ற சொல் வந்தால், எதை என்று பார்த்து அன்றே சேர்க்க வேண்டும். பக்கத்தில் புதிய பறவைக் கட்டடம் எழும்பினாலோ, சாலை வேலை தொடங்கினாலோ, வெந்நீர்க் கருவி பழுதானாலோ, அடுத்த முன்பதிவுக்கு முன் அந்த வரியை மாற்றிவிட வேண்டும். ஏற்கெனவே பணம் கட்டியவருக்கும் ஒரு செய்தி அனுப்பி, வேண்டாம் என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாகச் சொல்லலாம். பழுதைப் பற்றி விருந்தினர் குளியலறைக்குள் நின்றுகொண்டு முதல் முறையாகத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது.